ஒரே ஆறு லட்சம்: மாதத் தவணையாகவும் மொத்தமாகவும் பத்து வருடம் போட்டுப் பார்த்த அனுபவம்

2025 மார்ச் கடைசியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் அத்தான் தன் போனை என் முன்னால் நீட்டினார். "மாப்பிள்ளை, நீயும் ஆறு லட்சம், நானும் ஆறு லட்சம். ஃபண்டும் ஒண்ணுதான். எனக்குப் பதினெட்டுகிட்ட காட்டுது, உனக்கு ஏன் பன்னிரண்டு?"

கேள்வி நியாயமானது. 2015இல் அவர் விருப்ப ஓய்வு வாங்கியபோது கிடைத்த பணத்தில் 6 லட்சத்தை ஏப்ரல் முதல் வாரத்தில் பங்குச் சந்தையின் நிஃப்டி 50 குறியீட்டை அப்படியே பின்பற்றுகிற ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் ஒரே காசோலையாகப் போட்டார். அதே ஃபண்டில், அதே வாரத்தில் நான் மாதம் 5,000 ரூபாய்க்கு எஸ்ஐபி என்கிற மாதத் தவணை ஆரம்பித்தேன். பத்து வருடம், 120 தவணை, மொத்தம் 6 லட்சம். இருவரும் நடுவில் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. அவருடையது 18 லட்சத்தை ஒட்டி வந்திருந்தது, என்னுடையது 12 லட்சத்துக்குச் சற்று மேல்.

இந்தப் பத்து வருடமும் நாங்கள் இரண்டு பேரும் ஒரு கால்குலேட்டரை நம்பித்தான் நடந்தோம். ஆரம்பிக்கும்போதே ஆண்டுக்குச் சராசரி 12 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டிருந்தோம். மொத்த முதலீட்டுக்கு அது எளிய கணக்கு. 6 லட்சத்தைப் பத்து முறை 1.12ஆல் பெருக்கினால் 18,63,509 ரூபாய். மாதத் தவணைக்கு நான் பார்த்த கால்குலேட்டர் 11,61,695 என்று காட்டியது. பிறகு வேறொன்றில் அதே எண்களைப் போட்டேன், 11,20,180 வந்தது. 41,515 ரூபாய் எங்கே போனது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. கடைசியில் எக்செலில் நானே போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

```
=600000*1.12^10
=FV(12%/12,120,-5000,0,1)
=FV(1.12^(1/12)-1,120,-5000,0,1)
```

இரண்டாவது வரி 12 சதவீதத்தைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 1 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறது. மாதம் 1 சதவீதம் கூட்டு வட்டியாக ஏறினால் வருடத்துக்கு 12 ஆகாது, 12.68 ஆகும். மூன்றாவது வரிதான் வருடத்துக்குச் சரியாக 12 வருகிற மாதிரி மாத விகிதத்தைப் பிரிக்கிறது. ஆக, மொத்த முதலீட்டை முதல் வரியாலும் தவணையை இரண்டாவது வரியாலும் கணக்கிட்டு ஒப்பிட்டால், தவணைக்கு மட்டும் ரகசியமாகக் கூடுதல் வட்டி கொடுத்துவிட்டு ஒப்பிடுகிறோம். உங்கள் கால்குலேட்டர் எந்த ரகம் என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மாதம் 5,000, பத்து வருடம், 12 சதவீதம் என்று போடுங்கள். 11.61 லட்சம் வந்தால் இரண்டாவது வரி, 11.20 லட்சம் வந்தால் மூன்றாவது. இனிமேல் நான் சொல்வதெல்லாம் மூன்றாவது வரிக் கணக்கு.

சரி, அத்தானின் கேள்விக்கு வருவோம். அவருடைய ஒவ்வொரு ரூபாயும் பத்து வருடம் ஃபண்டில் இருந்தது. என்னுடைய முதல் 5,000 மட்டும்தான் பத்து வருடம் இருந்தது. கடைசி 5,000 ஒரு மாதம்கூட முழுசாக இல்லை. எல்லாத் தவணைக்கும் சராசரி எடுத்தால் என் பணம் ஃபண்டில் இருந்தது ஐந்து வருடமும் கொஞ்சமும்தான். பாதிக் காலம் உழைத்த பணம் குறைவாகச் சம்பாதித்திருப்பதில் வியப்பில்லை. கால்குலேட்டர் கணக்கில் விகிதம் இரண்டுக்கும் அதே 12தான்.

இதை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம், எனக்கு இதுதான் தெளிவாகப் புரிய வைத்தது. பத்து வருடம் கழித்து அந்த 11.20 லட்சம் கையில் வேண்டுமென்றால், 2015இல் ஒரே தடவையாக எவ்வளவு போட்டிருக்க வேண்டும்? அதே 12 சதவீதத்தில் 3,60,700 ரூபாய் போதும். அதாவது பத்து வருடத்துக்குப் பரப்பிய என் 6 லட்சம், அன்றைய கணக்கில் மூன்று லட்சத்து அறுபதாயிரத்துச் சொச்சம்தான். அத்தான் உண்மையில் என்னைவிட மிகப் பெரிய தொகை போட்டவர். போட்ட தொகை இரண்டும் ஒன்று என்று திரையில் தெரிந்ததுதான் எங்களைக் குழப்பியது.

எனக்கு 2015இல் 6 லட்சம் கிடையாது. மாதச் சம்பளத்தில் மிஞ்சியதைப் போட்டேன். ஆகவே "மொத்தமாகப் போட்டிருக்கலாமே" என்ற கேள்வியே எனக்குப் பொருந்தாது. பணம் கையில் வந்த அன்றே போனது, அவ்வளவுதான். ஆனால் கையில் 6 லட்சத்தை வைத்துக்கொண்டு, எஸ்ஐபி பாதுகாப்பு என்று கேள்விப்பட்டு, பத்து வருடத்துக்குப் பிரித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கேள்வி உண்டு. மீதிப் பணம் 6 சதவீத வட்டியில் வங்கியில் இருந்து, அதிலிருந்து மாதம் 5,000 போகிறது என்று வைத்துக்கொண்டால், பத்தாவது வருடக் கடைசியில் ஃபண்டில் 11.20 லட்சமும் வங்கியில் 2.58 லட்சமும் இருக்கும். கூட்டினால் 13.78 லட்சம். மொத்தமாகப் போட்டிருந்தால் 18.63. இந்த இரண்டையும்தான் ஒப்பிட வேண்டும். வங்கியில் காத்திருந்த பணத்தைக் கணக்கில் விட்டுவிட்டால் ஒப்பீடே தப்பு.

இவ்வளவு தூரம் வந்ததும் எல்லாரும் சொல்வது, "அப்போ மொத்தமாகப் போடுறதுதான் நல்லது." நானும் சில வருடம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரே சராசரியை வைத்துப் போட்டால் மொத்த முதலீடு ஜெயித்தே தீரும். ஒவ்வொரு வருடமும் தவறாமல் 12 கிடைக்கிற உலகத்தில் சீக்கிரம் போட்டவன்தான் முன்னால் இருப்பான். கால்குலேட்டர் அளப்பது காலத்தை மட்டும். விலை எந்த வரிசையில் ஏறி இறங்கியது என்பது அதற்குத் தெரியாது.

வரிசை என்றால் என்ன என்பதை அத்தானுக்கு ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். மூன்று வருடம்: முதல் வருடம் 20 சதவீதம் இறக்கம், அடுத்தது 10 ஏற்றம், மூன்றாவது 50 ஏற்றம். மொத்தமாக 3 லட்சம் போட்டவருக்கு 3.96 லட்சம். வருட ஆரம்பத்தில் ஒரு லட்சமாக மூன்று தடவை போட்டவருக்கு 4.47 லட்சம். தவணைக்காரர் முன்னால்! இப்போது அதே மூன்று எண்களைத் திருப்பி வையுங்கள்: 50 ஏற்றம், 10 ஏற்றம், 20 இறக்கம். மொத்தமாகப் போட்டவருக்கு அப்போதும் 3.96தான், ஒரு பைசா மாறாது. தவணைக்காரருக்குச் சரியாக 3 லட்சம். மூன்று வருடம் கழித்தும் கையில் இருப்பது போட்ட பணம் மட்டும்தான். சராசரி இரண்டு பக்கமும் அதேதான். (எண்களைக் கூட்டி மூன்றால் வகுத்தால் சராசரி 13.3 வரும், உண்மையில் வளர்ந்தது வருடத்துக்கு 9.7. கால்குலேட்டரில் போட வேண்டியது இந்த இரண்டாவது எண்.)

அத்தான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப கடைசில விழுந்தாத்தான் உனக்கு அடி" என்றார். ஆமாம். அந்த அடி எப்படி இருக்கும் என்று 2020 மார்ச் எனக்குக் காட்டியது. மார்ச் 23 அன்று நிஃப்டி 7,610இல் முடிந்தது. அதுவரை 60 தவணை, 3 லட்சம் கட்டியிருந்தேன். என் கணக்கு இரண்டரை லட்சத்துக்கும் கீழே காட்டியது. அத்தானின் 6 லட்சம் ஐந்தரை லட்சத்தை ஒட்டி இருந்தது. சதவீதத்தில் பார்த்தால் என் நஷ்டம்தான் பெரிது, ஏனென்றால் என் தவணைகளில் ஏறக்குறைய பாதி 10,000க்கு மேற்பட்ட நிஃப்டியில் வாங்கியவை. ஐந்து வருடம் ஆன எஸ்ஐபியில், விலை இறங்கும்போது வாங்குகிற ஒரு 5,000 ரூபாய், ஏற்கனவே இருக்கும் 3 லட்சத்தின் சராசரி விலையை அசைக்கவே முடியாது. தவணை ஆரம்ப மாதங்களில்தான் விலையை நன்றாகச் சராசரியாக்கும். வயதாக ஆக அதுவும் மொத்த முதலீடு மாதிரியே நடந்துகொள்ளும். இதை அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் வந்தது ஏப்ரல் தவணை. 5ஆம் தேதி ஞாயிறு, 6 விடுமுறை, 7ஆம் தேதிதான் வாங்கியது. அன்று நிஃப்டி 8,792. என் முதல் தவணை போன 2015 ஏப்ரல் 6 அன்று 8,660. ஐந்து வருடம் கழித்து ஏறக்குறைய அதே மட்டத்தில் இன்னொரு தடவை வாங்கக் கிடைத்தது. அந்த மாதம் தவணையை நிறுத்தச் சொல்லி வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நிறுத்தாததற்குக் காரணம் துணிச்சல் இல்லை, ஈசிஎஸ்ஸில் பணம் வங்கியிலிருந்து தானாகப் போய்விட்டது. அந்த வருடத்துத் தவணைகள்தான் பின்னால் என் கணக்கைத் தூக்கின.

இதனால்தான் 12 லட்சத்துக்கு மேல் வந்தது, கால்குலேட்டர் சொன்ன 11.20 இல்லை. எக்செலில் ஒவ்வொரு தவணையையும் தேதியோடு எழுதி, காலத்தையும் சேர்த்து ஆண்டு வளர்ச்சியைக் கணக்கிடும் XIRR போட்டால் எனக்கு 13 சதவீதத்துக்குச் சற்று மேல், அத்தானுக்கு 11.5ஐ ஒட்டி. விகிதத்தில் நான் மேலே, ரூபாயில் அவர் மேலே. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை. ஆப் திரையில் பெரிதாகத் தெரியும் "200% லாபம்", "100% லாபம்" இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனே இல்லை, காலம் அதில் கிடையாது.

மொத்தமாகப் போடுவதில் பயம் வேண்டியதே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2008 ஜனவரி 8 அன்று நிஃப்டி 6,287. அன்று போட்டவர் அதே வருடம் அக்டோபர் 27 அன்று பார்த்தது 2,524. பணம் பாதிக்கும் கீழே. அந்தப் பயத்துக்குப் பத்து வருடத் தவணை ரொம்ப அதிக விலை. ஒரு வருடம் போதும். 6 லட்சத்தை, விலை அதிகம் ஏறி இறங்காத லிக்விட் ஃபண்டில் வைத்து, மாதம் 50,000 வீதம் 12 மாதம் இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாற்றினால், அதே 12க்கும் 6க்கும் கணக்குப் போட்டால் முதல் வருடக் கடைசியில் 6.55 லட்சம், மொத்தமாகப் போட்டிருந்தால் 6.72. வித்தியாசம் 17,000 ரூபாய். தூக்கம் கெடாமல் இருக்க இதைக் கொடுக்கலாமா என்பது அவரவர் முடிவு. நான் கொடுப்பேன்.

இந்த வருடம் எனக்கு ஒரு சீட்டு முடிந்து 3 லட்சம் வந்தது. அத்தானைக் கேட்டேன். "மொத்தமா போடு, நான் போடலையா" என்றார். பாதியை அன்றே போட்டேன், மீதியை லிக்விட் ஃபண்டில் வைத்து மாதம் 25,000 வீதம் ஆறு மாதத்துக்கு மாற்ற எழுதிக்கொடுத்தேன். மாதம் 5,000 தவணை 121ஐத் தாண்டி அதன் வழியில் போய்க்கொண்டிருக்கிறது.