கேட் கேமராவின் சார்ஜைத் தின்பது ரூட்டர்தான்

சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் நண்பர் கேட்டார்: "அதே பேட்டரி கேமராதானே, உங்க வீட்ல மட்டும் எப்படி சார்ஜ் நிக்குது?" கேமராவில் எந்த மந்திரமும் இல்லை. ரூட்டரில் டிடிஐஎம் எண் 3 என்று இருக்கிறது, அவ்வளவுதான்.

ரூட்டர் பீக்கன் என்ற சிறு அறிவிப்பை விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். இடைவெளி 100 என்றால் 102.4 மில்லிசெகண்டுக்கு ஒன்று. எல்லாருக்கும் பொதுவான பிராட்காஸ்ட் செய்திகளைச் சேர்த்து வைத்திருந்து, டிடிஐஎம் 3 என்றால் மூன்று பீக்கனுக்கு ஒருமுறை கொட்டும். அதைக் கேட்கத்தான் கேமரா தூக்கத்திலிருந்து எழுகிறது. எண் 1 என்றால் நொடிக்குப் பத்து முறை, 3 என்றால் மூன்று முறை. ஒரு விழிப்பு 3 மில்லிசெகண்ட், ரேடியோ இழுப்பது 60 மில்லிஆம்பியர் என்று வைத்துப் பாருங்கள்: எண் 1-இல் சும்மா கிடக்கும் கேமராவே நாளுக்கு 42 மில்லிஆம்பியர் மணி தின்னும். எண் 3-இல் அது 14.

இதற்காகப் பீக்கன் இடைவெளியை 300 ஆக்காதீர்கள். விழிப்பு குறையும்தான். ஆனால் ஒவ்வொரு சேனலிலும் 100 மில்லிசெகண்ட் மட்டும் காதுகொடுத்துத் தேடும் கருவிக்கு ரூட்டர் அகப்படாமல் போகும். மின்வெட்டு முடிந்து ரூட்டர் மறுபடி எழும்போது கேமரா தேடித் தேடியே மிச்சம் பிடித்த சார்ஜைக் காலி செய்துவிடும். டிடிஐஎம்மை 10 ஆக்குவதும் வேண்டாம். போன் கேமராவைத் தேடி அனுப்பும் பிராட்காஸ்ட் ஒரு நொடி வரை ரூட்டரிலேயே காத்துக் கிடக்கும், நேரலை தடுமாறும்.

ரேடியோவை முழுக்க அணைத்துவிட்டு, கதவு திறந்தால் மட்டும் இணையும் சென்சாருக்கு இந்த எண்ணால் லாபமே இல்லை. சில கேமராக்கள் டிடிஐஎம்மைப் பாராமல் தம் கணக்கிலேயே எழும். அவற்றிலும் மாற்றம் தெரியாது.

என் கோபமெல்லாம் இணைய நிறுவனம் கொடுத்த ரூட்டர் மேல்தான். ஃபைபர் வேகத்தில் குறையே சொல்ல முடியாது, சூடும் ஆகாது. ஆனால் ஃபர்ம்வேர் புதுப்பிக்கும்போதெல்லாம் டிடிஐஎம்மைச் சொல்லாமல் 1-க்குத் திருப்பிவிடுகிறது. கேமராவின் சார்ஜ் திடீரென்று வேகமாக இறங்கினால் முதலில் இதைப் பாருங்கள். லினக்ஸ் மடிக்கணினியை வைஃபையில் இணைத்து இதைக் கொடுத்தால் இரண்டு எண்ணும் தெரியும் (மடிக்கணினியில் வைஃபை இடைமுகத்தின் பெயர் வேறாக இருந்தால் `wlan0`-ஐ மாற்றிக்கொள்ளுங்கள்):

```
iw dev wlan0 link
```

ஓபன்டபிள்யூஆர்டி ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியின் பெயரை `uci show wireless` மூலம் பார்த்து, அதை `default_radio0` இருக்கும் இடத்தில் போட்டுக்கொண்டு:

```
uci set wireless.default_radio0.dtim_period='3'
uci commit wireless
wifi reload
```

இது தானாக மாறாது. நிறுவனத்தின் ரூட்டர் நல்ல பெட்டிதான், ஆனாலும் அதன் வைஃபையை அணைத்துவிட்டேன். பேட்டரி கேமரா வைத்திருப்பவருக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.