மூன்று நோட்டீஸ், ஒரு மோட்டார் கடை: இரண்டு வாக்கியத்தில் எதைச் சொல்வது?

நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகிற வழியில் என் மைத்துனர் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். போர் மோட்டார் எரிந்துபோனால் வயலுக்கே போய்த் தூக்கி வந்து, எரிந்த கம்பிச் சுருளுக்குப் பதில் புதிதாகக் கட்டி, திரும்ப இறக்கிக் கொடுப்பார். போன ஏப்ரலில் நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்றார். உரக்கடை மேஜையில் கிடக்கும் துண்டுச் சீட்டில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் யாரும் படிப்பதில்லை. அந்த இரண்டில் எதைச் சொல்வது என்பதில் வீட்டுக்குள்ளேயே மூன்று கட்சி ஆகிவிட்டது.

மைத்துனர் எழுதியது: “30 ஆண்டு அனுபவம் வாய்ந்த மோட்டார் ரீவைண்டிங் நிலையம். தரமான வேலை, நியாயமான கூலி.”

அவர் மகன் எழுதியது: “போர் மோட்டார் ரீவைண்டிங் இந்த வட்டாரத்திலேயே குறைந்த கூலியில். கூலியைக் கேட்டுவிட்டு வேலையைக் கொடுங்கள்.”

நான் எழுதியது: “போர் மோட்டார் எரிந்தால் காலை 10 மணிக்குள் சொல்லுங்கள், மூன்றாம் நாள் மாலைக்குள் தண்ணீர் வரும். தாமதமானால் மாற்று மோட்டார் இலவசமாகத் தருகிறோம்.”

முதல் வாக்கியம் யாருக்கு, எந்தக் கஷ்டத்தில், என்ன கிடைக்கும் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது, அதை ஏன் நம்பலாம் என்று சொல்ல வேண்டும். இப்படி வைத்துப் பார்த்தால் மைத்துனருடையதில் இரண்டுமே இல்லை. அதில் “மோட்டார்” என்பதை எடுத்துவிட்டு “தையல்” என்று போட்டாலும் அப்படியே பொருந்தும். ஆனால் இது என் கருத்துதான். படிக்கப்போவது விவசாயி. அதனால் அவர்களிடமே காட்டிச் சோதிப்பது என்று முடிவு செய்தோம்.

சோதிக்க ஏப்ரலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. போர் உள்ளவர்கள் அதற்குக் காத்திராமல் முன்னாலேயே குறுவைக்கு நாற்று விட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில் மோட்டார் எரிந்தால் நாற்றங்கால் காய்ந்துவிடும். இதே கேள்வியை சம்பா அறுவடை நடக்கும் தை மாதத்தில் கேட்டால் யாருக்கும் அவசரம் இருக்காது. பதிலும் வேறு மாதிரி வந்திருக்கும்.

முதலில் மைத்துனர் தெரிந்தவர்களிடம் சீட்டைக் காட்டி “நல்லா இருக்கா?” என்று கேட்டார். மூன்றையும் எல்லாரும் நல்லா இருக்கு என்றார்கள். முகத்துக்கு நேரே கேட்டால் வேறென்ன சொல்வார்கள்? அந்தக் கேள்வியால் எதுவும் தெரியவில்லை.

அதனால் முறையை மாற்றினோம். உரக்கடை வாசலில் போர் வைத்திருக்கும் 12 பேரிடம், ஆளுக்கு ஒரே ஒரு சீட்டைப் படிக்கக் கொடுத்தோம். படித்ததும் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, “பக்கத்து வயல்காரர் கேட்டா இந்தக் கடையப் பத்தி என்ன சொல்வீங்க?” என்று மட்டும் கேட்டோம். இடையில் நாங்கள் விளக்கம் சொல்லவே கூடாது என்பது கட்டுப்பாடு. மைத்துனருக்கு அதுதான் பெரும்பாடாக இருந்தது.

அனுபவச் சீட்டைப் படித்த நான்கு பேரும் “மோட்டார் கடைப்பா” என்றதோடு நிறுத்தினார்கள். முப்பது ஆண்டு என்பது ஒருவர் வாயிலும் வரவில்லை. கூலிச் சீட்டைப் படித்தவர்களுக்கு அது உடனே மனதில் நின்றது. ஆனால் ஒரு பெரியவர், “கம்மியாத்தான் கட்டுவாரு. கம்பி என்ன கம்பி போடுவாரோ?” என்றார். குறைந்த கூலி என்றதுமே மட்டமான செம்புக் கம்பி என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

என் சீட்டில்தான் இரண்டு ஓட்டைகள் தெரிந்தன, இரண்டும் எனக்குத் தானாகத் தோன்றியிருக்காது. “மூன்றாம் நாள்” என்பதை ஒருவர் கொடுத்த நாளையும் சேர்த்து எண்ணினார், இன்னொருவர் மறுநாளிலிருந்து எண்ணினார். சனிக்கிழமை கொடுத்தால் ஒருவருக்குத் திங்கள், இன்னொருவருக்குச் செவ்வாய். அந்த ஒரு நாள் போதும் சண்டைக்கு. அடுத்தது “மாற்று மோட்டார்”. ஒருவர் கேட்டார்: “ஏன் தம்பி, என் மோட்டார எடுத்துக்கிட்டுப் பழச ஒண்ணத் தள்ளி விட்டுருவீங்களா?” கடைக்காரர் பேச்சில் சாதாரணமான சொல், விவசாயி காதில் ஏமாற்று வேலையாக விழுந்திருக்கிறது.

அதே 12 பேரிடம், “போன தடவை மோட்டார் எரிஞ்சப்ப என்ன பண்ணீங்க?” என்றும் கேட்டோம். அடுத்த தடவை என்ன செய்வீர்கள் என்று கேட்டால் கற்பனையில் பதில் வரும். நடந்ததைக் கேட்டால் நாள் கணக்கே வருகிறது. பலர் கூலித் தொகையை மறந்திருந்தார்கள். ஆனால் எத்தனை நாள் அலைந்தோம், பக்கத்துப் போரிலிருந்து ஓஸ் போட்டு யாரிடம் தண்ணீர் கேட்டோம் என்பது அப்படியே நினைவிருந்தது. என் சீட்டின் பக்கம் மனது சாய்ந்தது இதைக் கேட்டுத்தான்.

சொல்லிவிட்டால் செய்ய வேண்டுமே. சப்மெர்சிபிளில் எரிந்த கம்பியை உருவிவிட்டு, புதுக் கம்பியை ஒவ்வொரு சுற்றாகக் கையால் இழுக்கவே முழு நாள் போய்விடும். முதல் நாள் தூக்குவது, இரண்டாம் நாள் கட்டுவது, மூன்றாம் நாள் சோதித்து இறக்குவது. இதற்குமேல் நெருக்க முடியாது. இரவல் கொடுக்கும் மோட்டாரையும் ஒருமுறை இறக்கி, ஒருமுறை தூக்க வேண்டும். அந்தக் கூலி கடையின் தலையில். கடையில் 5 எச்.பி. ஒன்று, 7.5 எச்.பி. ஒன்று என்று இரண்டு மோட்டார்தான் உபரி. இரண்டும் வெளியே போயிருந்தால், தூக்குவதற்கு முன்பே போனில் சொல்லிவிடுவது என்று முடிவானது. சுற்று வட்டாரம் 10 கிலோமீட்டர் என்றும் எல்லை போட்டோம்.

திருத்திய சீட்டு: “போர் மோட்டார் எரிந்தால் காலை 10 மணிக்குள் சொல்லுங்கள்: சனிக்கிழமை சொன்னால் திங்கட்கிழமை மாலை தண்ணீர் ஓடும். ஒரு நாள் தள்ளினாலும் எங்கள் மோட்டாரை இரவலாக இறக்கி வைப்போம், உங்களுடையது தயாரானதும் எங்களுடையதை எடுத்துக்கொள்வோம், அதற்குக் கூலி இல்லை.” நீளம்தான். ஆனால் புதிதாக ஐந்து பேரிடம் கொடுத்தபோது ஐந்து பேரும் சரியாகத் திருப்பிச் சொன்னார்கள்.

அனுபவச் சீட்டை அதோடு விட்டுவிட்டோம். மற்ற இரண்டையும் ஒரே உரக்கடையில் வாரம் மாற்றி வாரம் நான்கு வாரம் வைத்தோம். இரண்டு கடைகளில் வைத்தால் வித்தியாசம் சீட்டினாலா, வாடிக்கையாளர்களினாலா என்று பிரிக்க முடியாது. கூப்பிட்ட எல்லாரிடமும் எதைப் பார்த்துக் கூப்பிட்டார்கள் என்று கேட்டு நோட்டில் எழுதினோம். கூலிச் சீட்டுக்கு 9 அழைப்பு, அதில் 3 வேலை. மற்ற ஆறு பேரும் “5 எச்.பி.க்கு எவ்வளவு?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். நாள் சொன்ன சீட்டுக்கு 6 அழைப்பு, 5 வேலை. அந்த ஆறு பேரும் முதலில் கேட்டது “இன்னிக்கே தூக்குவீங்களா?” என்றுதான். எண்ணிக்கை மிகச் சிறியது. அதை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அழைத்தவர்கள் முதலில் கேட்ட கேள்வி இரண்டு சீட்டுக்கும் தெளிவாக வேறுபட்டதால்தான் நாள் சொன்னதை அச்சடிக்கச் சொன்னேன்.

ஒரு இடத்தில் மகனின் சீட்டுதான் ஜெயித்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் உறவினர் இருவரிடம் காட்டினோம். “தென்னைக்கு நாலு நாள் தண்ணி இல்லாட்டி ஒண்ணும் ஆயிராது, கூலியச் சொல்லு” என்றார்கள். அவர்களுக்கு அவசரம் இல்லை, செலவுதான் கணக்கு. தோப்புக்காரர்களுக்கென்று தனிச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறான் மகன். “குறைந்த கூலி” என்பதை எடுத்துவிட்டு, எச்.பி. வாரியாகக் கூலியையும் போடும் செம்புக் கம்பியின் எடையையும் எழுதியிருக்கிறான். அதை இன்னும் யாரிடமும் படிக்கக் கொடுக்கவில்லை.