பறப்பதா, மறைவதா, எட்டு மணிக்கே தூங்குவதா? ‘இதுவா அதுவா’ வீடியோவில் வாதத்தைக் கிளப்பும் கேள்வி எது?

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு ‘இதுவா அதுவா’ வீடியோ எடுக்க உட்கார்ந்தால் கைக்குக் கிடைக்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று வகைதான். ஒன்று, சக்திக் கேள்வி: பறக்கும் சக்தி வேண்டுமா, மறையும் சக்தி வேண்டுமா? இரண்டாவது, இழப்புக் கேள்வி: எதை விட்டுக்கொடுப்பாய்? மூன்றாவது, மனசாட்சிக் கேள்வி: நண்பனைக் காட்டிக்கொடுப்பாயா, மாட்டாயா? மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அதற்கு முன் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். கமெண்ட் எத்தனை வந்தது என்று நான் பார்ப்பதில்லை. ‘ஏன்னா’ என்ற சொல் எத்தனை கமெண்டில் இருக்கிறது, அதற்குக் கீழே வேறொருவர் வந்து மறுத்திருக்கிறாரா என்றுதான் பார்க்கிறேன். ‘முதலாவது’, ‘ரெண்டாவது’ என்று ஆயிரம் பேர் எழுதிவிட்டுப் போனால் அது வாக்கெடுப்பு. வாதம் என்றால் ரிப்ளை வரிசை நீள வேண்டும்.

இந்த அளவுகோலில் முதலில் விழுந்துவிடுவது நான்காவதாக ஒரு வகை. விஜய்யா அஜித்தா, சிஎஸ்கேயா ஆர்சிபியா என்று கேட்பது. கமெண்ட் கொட்டும், மறுக்கவில்லை. ஆனால் அங்கே யாரும் யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. வீடியோவுக்கு வரும் முன்பே பக்கம் முடிவாகிவிட்டது. பத்தாவது கமெண்டிலேயே திட்டு ஆரம்பித்துவிடும். பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் இதை வைக்கவே வேண்டாம்.

சக்திக் கேள்விகளை எழுதுவதும் படம் காட்டுவதும் சுலபம். அதனால்தான் எல்லா வீடியோவிலும் இருக்கின்றன. ஆனால் பறந்தாலும் லாபம், மறைந்தாலும் லாபம். யாருக்கும் எதுவும் போகாத இடத்தில் சண்டை எதற்கு வரப்போகிறது? ‘பறக்கணும்’ என்று எழுதியதோடு முடிந்துவிடும். இதற்கு உயிர் கொடுக்க ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். நீ பறக்கலாம், ஆனால் நடக்கிற வேகத்தில்தான். நீ மறையலாம், ஆனால் மறைந்தால் ஒரு மணி நேரத்துக்குத் திரும்பத் தெரிய முடியாது. இப்போது பஸ் கட்டணம் மிச்சமா, அட்டெண்டன்ஸ் போகுமா என்று பேச ஆரம்பிப்பார்கள்.

நிபந்தனை எழுதும்போதுதான் கவனம் தேவை. ‘மூச்சை அடக்கும் வரைதான் மறையலாம்’ என்பது கேட்க அழகாக இருக்கும், சட்டென்று தோன்றவும் செய்யும். ஆனால் அதைக் கேட்ட பிள்ளை அடுத்த நொடி என்ன செய்யும்? மூச்சை அடக்கிப் பார்க்கும். நண்பனோடு போட்டி போடும். கேள்விக்குள் ஒரு சவால் ஒளிந்து வந்துவிட்டது. அதே போல, பறப்பதைக் காட்ட மொட்டை மாடி விளிம்பில் நிற்கும் பையன் படத்தைத் தம்ப்நெயிலில் போடக் கூடாது. மேகத்துக்கு நடுவில் வைத்தால் போதும்.

நான் எடுத்துக்கொள்ளும் சோதனை இதுதான்: இதைக் கேட்டவர் இன்று ராத்திரி வீட்டில் தனியாகச் செய்து பார்க்க முடியுமா? செய்தால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் கேள்வியை அடித்துவிட வேண்டும். ‘ஒரு கரண்டி மிளகாய்ப்பொடியா, அரை லிட்டர் விளக்கெண்ணெயா’ போன்றவை இங்கே போய்விடும். அமெரிக்காவில் ஒரே ஒரு கடுங்காரச் சிப்ஸைத் தின்னும் சவால் பரவி, 2023 செப்டம்பரில் அதைச் சாப்பிட்ட 14 வயதுப் பையன் இறந்த பிறகு, அந்தச் சிப்ஸையே கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். ‘சும்மா கேள்விதானே’ என்று சொல்லித் தப்ப முடியாத இடம் இது.

அடுத்தது இழப்பு. என் ஓட்டு இதற்குத்தான். காரணத்தை ஒரு பழைய பரிசோதனை அழகாகக் காட்டுகிறது. பொருளியலாளர் ஜாக் நெட்ச் 1989இல் வெளியிட்டது. மாணவர்களிடம் காபிக் கோப்பையா சாக்லேட்டா என்று வெறுமனே கேட்டபோது 56 சதவீதம் பேர் கோப்பையை எடுத்தார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பாதி. ஆனால் இன்னொரு குழுவுக்குக் கோப்பையை முதலிலேயே கையில் கொடுத்துவிட்டு, சாக்லேட்டுக்கு மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்டால் 89 சதவீதம் பேர் கோப்பையை விடவில்லை. சாக்லேட்டை முதலில் கொடுத்த குழுவில் 90 சதவீதம் பேர் சாக்லேட்டை விடவில்லை. கையில் இருப்பதை விடச் சொன்னால் மனுஷன் பிடித்துக்கொள்கிறான். ‘தோசை பிடிக்குமா பரோட்டா பிடிக்குமா’ என்பதற்கும் ‘இனிமேல் தோசையே கிடையாது, இல்லை பரோட்டாவே கிடையாது, எதை விடுவாய்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். முன்னதில் ரசனையைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். பின்னதில் தன் பக்கத்தைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

இழப்பு மட்டும் போதாது. இரண்டு பக்கமும் போகிற பொருள் வேறு வேறாக இருக்க வேண்டும். ‘இப்போதே 2 லட்சம் ரூபாயா, ஒரு வருஷம் தினமும் 500 ரூபாயா’ என்று கேட்டுப் பாருங்கள். யாராவது ஒருவர் 500ஐ 365ஆல் பெருக்கி 1,82,500 என்று எழுதிவிடுவார். அதோடு கதை முடிந்தது. பணத்துக்கு எதிரே பணத்தை வைத்தால் கணக்குத்தான் வரும்.

ஒரு கேள்வியை எடுத்துச் செதுக்கிப் பார்ப்போம். முதல் வடிவம் இது: ‘தினமும் காலை 4 மணிக்கு எழுவாயா, ராத்திரி 8 மணிக்கே தூங்குவாயா?’ நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஓட்டை உண்டு. ‘எட்டு மணிக்குப் படுத்தா நாலு மணிக்குத் தானா முழிப்பு வந்துரும், ரெண்டும் ஒண்ணுதான ப்ரோ’ என்று ஒருவர் எழுதுவார். ‘நாலு மணிக்கு எழுந்துட்டு மத்தியானம் தூங்கிக்குவேன்’ என்பார் இன்னொருவர். மொத்தப் பேச்சும் ஓட்டையைப் பற்றியதாகிவிடும், தேர்வைப் பற்றியதாக இருக்காது.

திருத்திய வடிவம்: ‘ஒரு வருஷம். ஞாயிற்றுக்கிழமை, லீவு நாள் எல்லாம் சேர்த்துத்தான். பகல் தூக்கம் கிடையாது. காலை 4 மணிக்கு எழுவதா? எப்போது படுப்பது என்பது உன் இஷ்டம். ராத்திரி 8 மணிக்குத் தூங்குவதா? எப்போது எழுவது என்பது உன் இஷ்டம்.’ அவ்வளவுதான், ஓட்டை அடைபட்டது. இப்போது இரண்டு பக்கமும் வேறு வேறு பொருள் போகிறது. எட்டு மணிக்குத் தூங்குபவருக்குச் சாயங்கால வாழ்க்கை போகிறது. ஐபிஎல் மாலை ஆட்டம் 7.30க்குத் தொடங்குகிறது, பவர்பிளே முடிவதற்குள் படுக்கைக்குப் போக வேண்டும். அக்கா கல்யாண ரிசப்ஷனில் சாப்பாடு ஆரம்பிக்கும்போது இவர் தூங்கிக்கொண்டிருப்பார். நாலு மணிக்காரருக்கு இதெல்லாம் மிச்சம், ஆனால் உடம்பு கொடுக்க வேண்டும். பதின்ம வயதில் தூக்கம் வரும் நேரமே தள்ளிப்போகிறது. அது சோம்பேறித்தனமில்லை, உடம்பின் கடிகாரம். அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014இல் பள்ளிகளைக் காலை 8.30க்கு முன்னால் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

இந்தக் கேள்விக்கு யாரும் தன் வாழ்க்கையை இழுக்காமல் பதில் சொல்ல முடியாது. ஹாஸ்டலில் இருப்பவருக்கு எப்படியும் விடியலில் மணி அடிக்கிறது. அவர் சிரித்துக்கொண்டே நாலு மணியை எடுப்பார். எட்டு மணிக்கு டியூஷன் விடும் பிளஸ் டூ மாணவி, ‘அப்ப நான் சைக்கிள்ல வரும்போதே தூங்கணுமா’ என்று கேட்பார். பொதுத் தேர்வு நேரத்தில் விடிகாலைப் படிப்புதான் ஏறும் என்று ஒருவர், ராத்திரி படித்தால்தான் மண்டையில் நிற்கும் என்று ஒருவர். இந்த வாதத்தில் யாரும் யாரையும் காயப்படுத்தவில்லை.

இந்தக் கேள்வியையும் ஒரே வரியில் கெடுத்துவிடலாம். ‘ஒரு வாரம் செய்து பார்த்துச் சொல்லுங்க’ என்று தொகுப்பாளர் சேர்த்தால் போதும். 13 முதல் 18 வயது வரை நாளுக்கு 8லிருந்து 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பன்னிரண்டு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழும் போட்டியை நாமே தொடங்கிவைத்ததாக ஆகிவிடும்.

மனசாட்சிக் கேள்விகளில் வாதம் ஆழமாகப் போகும். ‘நண்பன் பரீட்சையில் காப்பி அடித்து முதல் ரேங்க் வாங்கினான், ரெண்டாவது ரேங்க் உனக்கு. சொல்வாயா?’ என்று கேட்டால் நீளமான கமெண்ட்கள் வரும். சிக்கல் என்னவென்றால் பிள்ளைகள் நிஜ ஆட்களை எழுதிவிடுவார்கள்: எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, யார் பெயர். ஒருவரை டேக் செய்து அவமானப்படுத்தவும் கூடும். ஆகவே வீடியோவுக்கு ஒன்று, அதுவும் கடைசியில். சந்தேகமான கமெண்டை நிறுத்திவைத்துப் பார்க்கும் வசதியை அன்றைக்காவது இயக்கி வைக்க வேண்டும். நிறம், எடை, சாதி, வீட்டு வருமானம் இவற்றைத் தேர்வாக வைக்கும் கேள்விகளை எந்த வடிவத்திலும் தொடக் கூடாது. பார்ப்பவர்களில் ஒருவர் ஏற்கெனவே அந்த ‘மோசமான’ பக்கத்தில் வாழ்ந்துகொண்டிருப்பார்.

திரையில் ‘63 சதவீதம் பேர் இதைத் தேர்ந்தெடுத்தார்கள்’ என்று காட்டும் பழக்கத்தை விட்டுவிடலாம். யாரிடமும் கேட்காமல் போட்ட எண் பொய். நிஜமாகவே கேட்டிருந்தாலும் அது ஜெயித்த பக்கத்தைச் சொல்லிவிடுகிறது. தோற்ற பக்கத்துக்காரர் வாயை மூடிக்கொள்வார். அதற்குப் பதிலாகத் தொகுப்பாளர், குறைந்த பேர் எடுக்கும் என்று தோன்றும் பக்கத்தை ஒரு உண்மையான காரணத்தோடு எடுத்து, அதையே கமெண்டில் பின் செய்து வைக்கலாம். ‘நான் எட்டு மணி. எனக்கு ராத்திரி போன் பார்த்தே நேரம் போகுது, அது போனால் போகட்டும்’ என்று எழுதினால் மறுக்க ஆள் வரும்.

இன்னொரு எச்சரிக்கை. கார்ட்டூன் பொம்மை, மழலைப் பாட்டு என்று அலங்காரம் செய்தால் அது சிறுவர் வீடியோவாகக் கணக்கிடப்படலாம். 2020 ஜனவரியிலிருந்து, சிறுவர்களுக்காக எடுத்ததாகக் குறிக்கப்பட்ட வீடியோக்களில் யூடியூப் கமெண்டை மூடிவிடுகிறது. வாதத்துக்காக எடுத்த வீடியோவில் வாதமே நடக்காது.

எட்டு கேள்வி வைத்தால் நான் பிரிப்பது இப்படி: நிபந்தனையோடு இரண்டு சக்தி, ஐந்து இழப்பு, கடைசியில் ஒரு மனசாட்சி. படம் பிடிக்கும் முன் ஒவ்வொன்றையும் அந்த வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரிடம் வாயால் கேட்டுப் பார்க்க வேண்டும். எட்டுப் பேர் ஒரே பக்கம் நின்றால், அந்தப் பக்கத்தின் காலத்தைக் கூட்டலாம், அல்லது எதிர்ப் பக்கத்துக்கு ஒரு விதிவிலக்கு கொடுக்கலாம். மூன்று முறை திருத்தியும் சாய்ந்தே நின்றால் கேள்வியைத் தூக்கிவிட்டு, அவர்கள் கண்டுபிடித்துச் சொன்ன ஓட்டையிலிருந்தே புதுக் கேள்வி எழுதலாம்.