‘108 பீஸ்’ டூல் கிட் வாங்கப் போகிறவர்களுக்கு

கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் என் தலையில் கட்டிய கிட் இது. பெட்டிமேல் ஒட்டிய விலை 5,999. எனக்கு 2,400க்கு விட்டார்கள். “ஜெர்மன் ஸ்டீலுங்க, உங்க பையன் காலத்துக்கும் வரும்” என்றார் கடைக்காரர்.

வீட்டில் எண்ணிப் பார்த்தால் 108இல் பாதிக்கு மேல் ஆணி, ஸ்க்ரூ, சுவரில் அடிக்கும் பிளாஸ்டிக் பிளக். மிச்சத்தில் பெரும்பகுதி குட்டிக் குட்டி பிட்.

தண்ணீர் மோட்டாரின் அடி நட்டைக் கழற்ற 13 எம்எம் ஸ்பேனரை மாட்டினேன். அழுத்தியதும் ஸ்பேனரின் வாய் விரிந்து, நட்டின் மூலைகள் மழுங்கிவிட்டன. கடைசியில் மெக்கானிக் வந்து நட்டை அறுத்துத்தான் எடுத்தார். ஸ்பேனரில் ‘Cr-V’ என்று அழகாகப் பொறித்திருந்தது. குரோம் வனேடியம் எஃகு என்று அர்த்தம். பொறிப்பதற்கு யாருக்கும் செலவில்லை.

அதைவிட மோசம் கட்டிங் பிளேயர். கைப்பிடி உறை இழுத்தால் கழன்று வந்தது. சாதாரண பிளேயரின் உறை பிடிமானத்துக்குத்தான், கரண்டுக்கு அல்ல. கரண்ட் வேலைக்கானதில் இரட்டை முக்கோணக் குறியும் 1000V என்றும் இருக்கும். அது இருந்தாலும் மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

மெக்கானிக்கிடமே கேட்டேன். “கிட்டே வேண்டாமுங்க, ஒவ்வொண்ணா வாங்குங்க” என்றார். ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், பிளேயர், இந்த மூன்றுக்கும் நாசிக்கில் தயாராகும் டப்பாரியா போன்ற நடுத்தர பிராண்டு வீட்டுக்குத் தாராளம். அவர் பையிலும் அதுதான் இருந்தது. க்னிபெக்ஸ், வேரா மாதிரி ஜெர்மன் சாமான் நிஜமாகவே அருமை. ஆனால் விலை பல மடங்கு. தினமும் அதை வைத்துப் பிழைப்பவருக்குத்தான் அந்தக் காசு திரும்பும். வருஷத்துக்கு நாலு தடவை குழாய் மாற்றும் நமக்கு எதற்கு? டேப், ஹேக்சா பிரேம் எல்லாம் மலிவிலேயே ஓடிவிடும். ஹேக்சா பிளேடை மட்டும் நல்லதாகப் போடுங்கள்.

கடையிலேயே பார்த்துவிடலாம். பிளேயரை மூடி வெளிச்சத்தில் பிடியுங்கள்; வெட்டும் இடத்தில் ஒளி தெரிந்தால் மெல்லிய கம்பி நறுக்காது, நசுங்கும். ஸ்க்ரூ ஸ்பேனரின் நகரும் தாடையை ஆட்டிப் பாருங்கள். தளதளவென்று ஆடினால் நட்டில் வழுக்கும். பெட்டியில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும் அச்சிட்டிருக்க வேண்டும். என் பெட்டியில் விலை ஸ்டிக்கரைத் தவிர ஒன்றும் இல்லை.

திருப்பிக் கொண்டுபோனபோது, “டூல்ஸுக்கு வாரண்டி ஏதுங்க?” என்று சிரித்தார்கள். கொடுத்திருந்தது பில் அல்ல, கடைப் பெயர்கூட இல்லாத எஸ்டிமேட் சீட்டு. நுகர்வோர் உதவி எண் 1915இல் சொன்னால், முதலில் பில்லைத்தான் கேட்கிறார்கள். அதனால் ஜிஎஸ்டி பில் கையில் வந்த பிறகு காசை எடுங்கள். “பில் போட்டா விலை ஏறுமுங்க” என்று சொன்னால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுங்கள். அந்தத் தெருவில் கடைக்கா பஞ்சம்?