ஒரே ஒலிப்பதிவு, மூன்று சுருக்கம்: கத்தரிக்காய் லொறிக்கு எது உதவியது?

எங்கள் உற்பத்தியாளர் குழுவில் 24 பேர் இருக்கிறோம். இடம் கிளிநொச்சி, இரணைமடுத் தண்ணீர் பாயும் பக்கம். மாதம் ஒருமுறை கூடுவோம். சந்தையில் என்ன விலை, லொறி பிடிப்பதா, யார் எந்தப் பயிரைப் பொறுப்பெடுத்து விற்பது, இந்த மூன்றும்தான் எப்போதும் பேச்சு. வராதவர்களுக்காகப் போனில் பதிவு செய்வோம். கேட்டுச் சுருக்கி எழுதும் வேலை செயலாளர் என்ற முறையில் என் தலையில்.

மூன்று விதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன். நேர வரிசைப்படி, தீர்மானங்களை மட்டும், பயிர் வாரியாக. முழுப் பேச்சையும் சொல்லுக்குச் சொல் எழுதுவது நான்காவது வழி. ஒரு மணி நேரப் பேச்சுக்கு எனக்கு ஐந்து மணி நேரம் போனது, எழுதி முடித்ததை ஒருவரும் படிக்கவில்லை. அதை இத்தோடு விடுவோம்.

ஒரு சிறுபோகக் கூட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். பதிவு 1 மணி 50 நிமிடம். கணக்கு இலகுவாக வரட்டும் என்று தொகைகளைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், மற்றபடி நடந்தது இதுதான். 14ஆம் நிமிடத்தில் ஒருவர் கத்தரிக்காய் கிலோ 120 போகிறது என்றார். 52ஆம் நிமிடத்தில் இன்னொருவர், 120 என்றாலும் சந்தையில் பத்துக்கு ஒன்று பிடிக்கும் கழிவு போனால் கையில் வருவது 108தான் என்றார். 71ஆம் நிமிடத்தில் பிந்தி வந்த ஒரு தம்பி, அது முந்தாநாள் விலை, இன்று காலை 90 என்றார். பிறகு தம்புள்ளைப் பேச்சு. அங்கே 105, லொறி வாடகை 30,000, 2,000 கிலோ சேர்ந்தால் புதன் இரவு போகலாம் என்று முடிந்தது.

முதலில் எழுதியது நேர வரிசைச் சுருக்கம். கேட்கக் கேட்க எழுதிக்கொண்டு போவது, அதனால் எழுதுபவருக்கு இதுதான் சுகம். கமநல சேவை நிலையத்திலிருந்து அலுவலர் வந்தால் கேட்பதும் இந்த மாதிரி எழுதிய கூட்ட அறிக்கைப் புத்தகத்தைத்தான். யார் முதலில் சொன்னார், யார் மறுத்தார், பேச்சு எந்த இடத்தில் திரும்பியது என்பதெல்லாம் அதில் நிற்கும். சண்டை வந்தால் அதுதான் சாட்சி.

ஆனால் விலைக்கு அது ஆகாது. என் அறிக்கையில் முதல் பக்கத்தில் 120 இருந்தது, மூன்றாம் பக்கத்தில் 90 இருந்தது. தோட்டத்தில் நின்றுகொண்டு போனில் படிப்பவர் மூன்றாம் பக்கம் வரை போவாரா? இரண்டு பேர் 120ஐ நம்பி அடுத்த நாளே காய் பிடுங்கிச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். நான் எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை, ஒவ்வொரு வரியும் பதிவில் உள்ளதுதான். பிந்தி வந்த பேச்சு முந்திய பேச்சை அடித்துவிட்டது என்பதை நேர வரிசை காட்டாது. படிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, நீளம்தான் குற்றம் என்று நினைத்து, அதே பதிவிலிருந்து தீர்மானங்களை மட்டும் எடுத்து ஆறு வரியில் வட்ஸ்அப்பில் போட்டேன். அதில் ஒரு வரி இப்படி இருந்தது: ‘புதன் இரவு 9 மணிக்கு கத்தரிக்காய் லொறி தம்புள்ளைக்குப் போகும்.’ எல்லோரும் படித்தார்கள். அதுதான் வினை.

2,000 கிலோ சேர்ந்தால் என்ற நிபந்தனை விழுந்துவிட்டது. பேச்சில் ‘சேர்ந்தால் போவம்’ என்று வந்ததை நான் ‘போகும்’ ஆக்கிவிட்டேன். புதன் பின்னேரம் வந்து சேர்ந்த காய் 1,200 கிலோ. பிடுங்கிய கத்தரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, லொறி போனது. கணக்கைப் பாருங்கள். 2,000 கிலோ என்றால் வாடகை கிலோவுக்கு 15 ரூபாய், 105இல் கழித்தால் 90 மிஞ்சும். 1,200 கிலோவுக்கு வாடகை 25, மிஞ்சியது 80. உள்ளூர்ச் சந்தையில் 90 விலைக்கு, பத்துக்கு ஒன்று கழிவு போக, 81 வந்திருக்கும். ஒரு இரவு நித்திரை முழித்துப் போய் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைவாக வாங்கி வந்தார்கள். சாக்கு, ஏற்றுக்கூலி தனி. ‘நீங்கள் போட்டதிலை லொறி போகுது எண்டுதானே கிடந்தது தங்கச்சி’ என்று ஒரு ஐயா கேட்டபோது பதில் சொல்ல வாய் வரவில்லை.

தீர்மானப் பட்டியலின் சிக்கல் இன்னொன்றும் உண்டு. எங்கள் கூட்டங்களில் ‘சரி, பாப்பம்’ என்று ஒருவர் சொன்னால் அது சம்மதம் அல்ல, மறுப்பும் அல்ல. பட்டியலில் அதற்கு இடமே இல்லை. போட்டால் தீர்மானமாகிவிடும், விட்டால் பேசப்படவே இல்லை என்று ஆகிவிடும். தம்புள்ளையில் கழிவு எப்படி என்று ஒருவர் கேட்டார், யாரும் பதில் சொல்லவில்லை, பேச்சு கச்சானுக்குத் தாவிவிட்டது. பணம் போகும் கேள்வி அதுதான். என் ஆறு வரியில் அது இல்லை.

பயிர் வாரிச் சுருக்கம் மூன்றாவது. ஒரு பயிருக்கு ஒரு பெட்டி. அதே பதிவைத் திரும்பக் கேட்டு, கத்தரிக்கு எழுதியது இது:

கத்தரி. கிளிநொச்சிச் சந்தை 90 (கூட்ட நாள் காலை விலை, கழிவு போகக் கையில் 81). 120 என்றது இரண்டு நாள் பழையது. தம்புள்ளை 105, கழிவு தெரியாது, கேட்டுச் சொல்ல வேண்டும். லொறி 30,000: 2,000 கிலோ சேர்ந்தால் மட்டும். செவ்வாய் மாலைக்குள் அளவு சொல்ல வேண்டும். பதிவில் 14, 52, 71, 83ஆம் நிமிடங்கள்.

இப்படி எழுதும்போதுதான் எது இல்லை என்பது கண்ணில் பட்டது. செவ்வாய் மாலைக்குள் என்று பதிவில் தெளிவாக ஒரு குரல் சொல்கிறது, முதல் இரண்டு தடவையும் அது என் காதில் ஏறவே இல்லை. பெட்டியில் விலைக்குப் பக்கத்தில் எந்த நாள், எந்தச் சந்தை, கழிவுக்கு முன்னா பின்னா என்று மூன்று இடம் விட்டிருந்தேன். இடம் வெறுமையாகக் கிடந்தால் கை தானாகப் பதிவைப் பின்னுக்கு ஓட்டும்.

கழிவை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வடக்குச் சந்தைகளில் 100 கிலோ கொடுத்தால் 90 கிலோவுக்குக் காசு தரும் பழக்கம் பல இடங்களில் உண்டு. கூட்டத்தில் ஒருவர் சொல்லும் விலை பலகை விலையா, கையில் வந்த விலையா என்று தெரியாமல் இரண்டு சந்தைகளை ஒப்பிட்டால் ஒப்பீடே பிழை. நெல்லுக்கும் இதே கதைதான். நெல் சந்தைப்படுத்தும் சபை 14 சதவீத ஈரப்பதத்துக்குள் காய்ந்த நெல்லுக்குத்தான் தன் முழு விலையைச் சொல்லும். அறுவடை இயந்திரத்திலிருந்து நேரே மூடை கட்டிய ஈரநெல்லுக்கு வியாபாரி சொல்வது வேறு விலை. மூடை என்று சொன்னால் எத்தனை கிலோ மூடை என்பதும் வேண்டும். மிளகாய் என்றால் பச்சையா செத்தலா, கச்சான் என்றால் கோதோடா உடைத்ததா. பேசுபவர்களுக்கு அது தெரியும், அதனால் சொல்ல மாட்டார்கள். பதிவில் அது இருக்காது. எழுதுபவர் அடுத்த நாள் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

பயிர் வாரி எழுத்துக்கும் ஓட்டை உண்டு. யார் எதை விற்பது என்ற பேச்சு பயிர்ப் பெட்டிக்குள் அடங்காது. அந்தக் கூட்டத்தில் கச்சானைச் சேர்த்து விற்பதை ஒரு அக்கா எடுத்தார், அதற்குப் பதிலாகத் தன் பப்பாசியை இன்னொருவர் கொண்டுபோக வேண்டும் என்றார். கச்சான் பெட்டியில் ஒரு பாதியும் பப்பாசிப் பெட்டியில் மறுபாதியும் போய்விட்டன, இரண்டையும் கட்டிய கயிறு எங்கும் இல்லை. நேர வரிசை அறிக்கையில் அது ஒரே பந்தியில் அழகாக இருந்தது. இப்படிக் கொடுக்கல் வாங்கலாக வரும் பேச்சை இப்போது இரண்டு பெட்டியிலும் முழுதாக எழுதுகிறேன், திரும்ப வந்தாலும் பரவாயில்லை.

பயறு விஷயத்தில் மூன்று முறையும் தோற்றன. ‘அதை நான் பாக்கிறன்’ என்று ஒரு குரல். யார் அந்த நான்? பதிவில் மயில் கத்துகிறது, தகரத்தில் மழை விழுகிறது, குரல் தூரத்தில். இரண்டு பேரைச் சந்தேகப்பட்டுக் கேட்டேன், இரண்டு பேரும் தாங்கள் இல்லை என்றார்கள். இதற்கு மருந்து எழுத்தில் இல்லை, கூட்டத்தில்தான் இருக்கிறது. இப்போது ஒருவர் ஒரு வேலையை ஏற்றால் தலைவர் அவர் பெயரையும் வேலையையும் ஒருதரம் திருப்பிச் சொல்வார். தொகை வந்தாலும் அப்படித்தான். அறுபதும் எழுபதும் ஓடும் விசிறிக்குப் பக்கத்தில் ஒன்றாகத்தான் கேட்கும். போனையும் விசிறிக்குத் தள்ளி, நடுவில், ஒரு துணியின்மேல் வைக்கிறோம்.

இன்று நான் செய்வது கலவைதான். பதிவை முதல் தடவை நிறுத்தாமல் கேட்டு, பயிர்ப் பெயருக்குக் கீழே நிமிடத்தை மட்டும் குறிக்கிறேன். இரண்டாம் தடவை குறித்த இடங்களை மட்டும் கேட்டுப் பெட்டிகளை நிரப்புகிறேன். இரண்டு மணி நேரப் பதிவுக்கு எல்லாமாக நாலு மணி நேரம் போகும். பெட்டிகள் ஒரு தாளின் முன்பக்கம். பின்பக்கத்தில் தீர்மானங்கள், ஒவ்வொன்றும் ‘சேர்ந்தால்’, ‘வந்தால்’ என்ற சொல்லில்தான் தொடங்கும், நிபந்தனை இல்லாதவை தவிர. அதற்குக் கீழே பதில் வராத கேள்விகள். அறிக்கைப் புத்தகத்தில் நேர வரிசை எப்போதும்போல, சுருக்கமாக.

வட்ஸ்அப்பில் போவது முன்பக்கம் மட்டும், அதிலும் ஒன்றை எடுத்துவிடுகிறேன். இதற்குக் கீழே விற்க மாட்டோம் என்று கூட்டத்தில் பேசிய அடிமட்ட விலை. எங்கள் வட்ஸ்அப் குழுவில் யாரின் மருமகன் யாரிடம் வேலை செய்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருதரம் அந்த விலையைப் போட்டேன், அடுத்த நாள் காலை வாங்க வந்தவர் சரியாக அந்தத் தொகையைத்தான் கேட்டார். அது இப்போது தாளில் மட்டும் இருக்கிறது, லொறியோடு போகிறவரின் கையில்.

தம்புள்ளைக் கழிவுக் கேள்வி பின்பக்கத்தில் இரண்டு கூட்டமாகக் கிடந்தது. மூன்றாவது கூட்டத்தில் தலைவர் தாளைத் திருப்பி அதைத்தான் முதலில் வாசித்தார். போய் வந்த தம்பி பற்றுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். 9ஆம் நிமிடம்.