பங்குக் கம்பெனியா, மணிநேர ஒப்பந்தமா?

எங்கள் பட்டறையில் 4 சிஎன்சி லேத்துகளும், செங்குத்தாக வெட்டும் விஎம்சி மெஷின் ஒன்றும் உண்டு. பம்பு செய்யும் பெரிய நிறுவனம் ஒன்று பம்பின் வெளிக்கூடான ஹவுசிங்கை வெட்டும் வேலையைத் தர முன்வந்தது. அதற்குப் படுக்கைவாட்டில் வெட்டும் எச்எம்சி மெஷின் வேண்டும். தனியாகக் கடன் வாங்கினால், ஆர்டர் நின்ற அன்றும் தவணை நிற்காது. அதனால் முதலீட்டைப் பங்கிட்டுக்கொள்ள நாங்களே இரண்டு திட்டங்களை எழுதிக் கொடுத்தோம்.

முதலாவது 51:49 பங்கில் புதுக் கம்பெனி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் அதில் பங்குதாரர் மட்டுமல்ல, ஒரே வாடிக்கையாளரும்கூட. விலையில் 100 ரூபாய் குறைத்தால், வாங்குபவராக அவர்களுக்கு 100 மிச்சம், பங்குதாரராக 51 நஷ்டம். மீதி 49 நம் தலையில். நஷ்டம் வந்து மேலும் முதல் போடச் சொன்னால் நம்மால் போட முடியாது, பங்கும் கரைந்துவிடும். வெளி ஆர்டர்களும் நிறைய வரும் என்றால் கணக்கு மாறலாம். எங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தோம். மெஷின் அவர்கள் பெயரில், அவர்கள் பணத்தில். இடம், ஆட்கள், பீஸைப் பிடித்துவைக்கும் ஃபிக்ஸ்சர், டூல் எல்லாம் எங்களுடையவை. ஓடும் மணிக்கு இவ்வளவு என்று ரேட்.

இதில் எல்லாமே குறைந்தபட்ச மணிநேர உறுதியில்தான் நிற்கிறது. இரண்டு ஷிஃப்டில் மாதம் 400 மணி கிடைக்கும். எங்கள் நிலையான செலவு 200 மணியில் அடைபடும். அதனால் 200 மணிக்கு உறுதி கேட்டோம். ஒரு மாதம் 120 மணி வேலைதான் வந்தது. விடுபட்ட 80 மணிக்கும் ரேட்டில் உள்ள நிலையான பகுதியை மட்டும் கொடுத்தார்கள். ஓடாத மணிக்கு மின்சாரமும் டூலும் செலவாகாது என்பதால் முழு ரேட் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் கையெழுத்தே ஆகியிருக்காது.

ஆனால் எது 'மணி' என்பதை எழுதாவிட்டால் இந்த உறுதி வெறும் காகிதம்தான். அவர்கள் அனுப்பும் வார்ப்பு, அதாவது காஸ்டிங், தாமதமானால் அந்த மணி அவர்கள் கணக்கு. ஆள் வராமல் மெஷின் நின்றால் எங்கள் கணக்கு. முதல் வரைவில் நாங்கள் விட்டது காஸ்டிங்கில் உள்ளே இருக்கும் காற்றுத்துளை. பாதி வெட்டிய பிறகுதான் அது வெளியே தெரியும். பீஸ் போனதோடு, அதற்கு ஓடிய நேரமும் போகும். இப்போது மெட்டீரியல் ரிஜெக்‌ஷன், மெஷினிங் ரிஜெக்‌ஷன் என்று தனித்தனியாக எழுதி, வாரம் ஒருமுறை இரு தரப்பும் லாக் புத்தகத்தில் கையெழுத்திடுகிறோம்.

அப்புறம் ஃபிக்ஸ்சர். அது அவர்கள் பீஸுக்கு மட்டுமே பொருந்தும், வெளியே விற்றால் இரும்பு விலைதான். அதன் செலவை 24 மாதங்களுக்குப் பிரித்திருக்கிறோம். 10ஆம் மாத முடிவில் அவர்கள் விலகினால், 24இல் 14 பங்கைத் தர வேண்டும்.

டூலைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் பழுதை நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை. தேய்மானம் என்றால் அவர்கள் செலவு, டூல் எதிலாவது மோதியதால் என்றால் எங்கள் செலவு என்று எழுதியிருக்கிறோம். இரண்டையும் பிரித்துச் சொல்வது அவ்வளவு எளிதாக இருக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.