காரைக்குடியிலிருந்து ஒரு வாரக் கடிதம்: சேர அழைக்கும் பதிவோடு 14 மாதம் பட்ட பாடு

சனிக்கிழமை காலை ஆறரைக்கு காரைக்குடியிலிருந்து ஒரு மின்னஞ்சல் கடிதம் அனுப்புகிறேன். 14 மாதம் ஆகிறது, நடுவில் இரண்டு வாரம் விட்டுப்போனது, ஒன்று காய்ச்சல், இன்னொன்று அக்கா மகள் கல்யாணம். செட்டிநாட்டு வீடு, சமையல், கோயில், பழைய சாமான், இதுதான் சரக்கு. எழுதுவது எனக்குப் பெரிய சிரமமாக இருந்ததில்லை. ஆட்களைச் சேர வைக்க ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் போடுகிற அந்தப் பத்து வரிப் பதிவுதான் என்னைப் படுத்தி எடுத்தது, அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் பதிவு ஒரு போஸ்டர். ஆயிரம் ஜன்னல் வீட்டுப் படம், மேலே "செட்டிநாட்டுப் பண்பாடும் பாரம்பரியமும் வாராவாரம் உங்கள் இல்லம் தேடி" என்று பெரிய எழுத்து, அடியில் சேரும் இணைப்பு. நூற்றுக்கு மேல் லைக், ஏகப்பட்ட "வாழ்த்துகள் தம்பி". சேர்ந்தவர்கள் ஏழு பேர், அதில் மூன்று பேர் எங்கள் வீட்டு ஆட்கள். இரண்டு நாள் கழித்து பக்கத்துத் தெரு ஆச்சி போனும் கையுமாக வந்து நின்றார்: "சேரச் சொல்றியேப்பா, எங்கே போய்ச் சேர்றது? அமுக்கினா படம்தான் பெரிசாகுது."

அப்போதுதான் உறைத்தது. இணைப்பைப் படத்துக்குள்ளேயே அச்சடித்து வைத்திருக்கிறேன், அதைத் தட்டவும் முடியாது, நகலெடுக்கவும் முடியாது, பார்த்துப் பார்த்து டைப் அடிக்க யாருக்கும் பொறுமையும் கிடையாது. அதைவிடப் பெரிய ஓட்டை சிங்கப்பூரில் இருக்கும் நண்பன் கேட்டபோது தெரிந்தது: "தினமும் காலை வணக்கம் ஃபார்வர்ட் வருதே, அது மாதிரியா?" பண்பாடு, பாரம்பரியம் என்று போட்டால் அவன் வேறு என்னத்தை நினைப்பான்?

போஸ்டரைத் தூக்கிவிட்டு வெறும் எழுத்தில் இப்படி எழுதினேன்:

"போன சனிக்கிழமைக் கடிதம்: ஆத்தங்குடிக் கல் பாலிஷ் போடாமலே ஏன் பளபளக்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமென்ட்டும் போட்டு கல்லை எடுக்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறித்தான் இறுகுகிறது. கண்ணாடியைத் தொட்டிருந்த முகம்தான் நாம் மிதிக்கும் முகம். வருகிற சனிக்கிழமை: பழைய தரையில் நாலு கல் பெயர்ந்துவிட்டால் அதே டிசைன் கேட்டு வாங்குவது எப்படி. வாரம் ஒரு கடிதம், படிக்க ஆறு நிமிஷம், காசு கிடையாது. பிடிக்காவிட்டால் கடிதத்தின் அடியில் விலகும் இணைப்பு இருக்கும். சேர, கீழே தட்டி மின்னஞ்சல் முகவரி கொடுங்கள். உடனே ஒரு மடல் வரும், அதில் உள்ள பொத்தானை அழுத்தினால்தான் சேர்ந்ததாகக் கணக்கு."

லைக் இருபதோ என்னவோதான். ஆனால் 31 பேர் முகவரி கொடுத்தார்கள். ஒரு விஷயத்தை முழுசாகவே சொல்லிவிட்டால் அப்புறம் எதற்குச் சேரப்போகிறார்கள் என்று பயந்துகொண்டுதான் போட்டேன், நடந்தது தலைகீழ். "ஆத்தங்குடிக் கல்லின் ரகசியம், கடிதத்தில்!" என்று பாதியில் நிறுத்திய பதிவு ஒன்றையும் பின்னால் போட்டுப் பார்த்தேன், நாலு பேர்தான் வந்தார்கள். இந்தத் தந்திரத்தை எல்லா இடத்திலும் பார்த்து சனங்களுக்குச் சலித்துப்போயிருக்கிறது.

சரி, அந்த 31 பேரில் பொத்தானை அழுத்தியவர்கள் 18. மிச்சம் 13 பேரில் தெரிந்தவர்களாகப் பார்த்து ஐந்தாறு பேரைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒருவர் முகவரியை gmail.con என்று அடித்திருந்தார். இரண்டு பேருக்கு மடல் ஸ்பேமில் கிடந்தது. மற்றவர்கள் மடலைப் பார்த்தார்கள், ஆனால் அனுப்புநர் பெயர் கடிதம் அனுப்ப நான் பயன்படுத்தும் சேவையின் பெயராக இருந்தது, தலைப்பும் ஆங்கிலத்தில் இருந்தது, ஏதோ மோசடி என்று விட்டுவிட்டார்கள். நியாயம்தான், நானே திறந்திருக்க மாட்டேன். அனுப்புநராக என் பெயரையும் ஊரையும் போட்டு, தலைப்பை "இதை அழுத்தினால் கடிதம் வரும்" என்று மாற்றினேன். பதிவிலும் ஒரு வரி சேர்த்தேன்: இந்தப் பெயரில், இந்தத் தலைப்பில் மடல் வரும், ஐந்து நிமிஷத்தில் காணவில்லையென்றால் ஸ்பேமில் பாருங்கள். அதற்குப் பிறகு பத்துக்கு எட்டு பேர் தேறுகிறார்கள்.

இந்த உறுதிப்படுத்தும் படியே வேண்டாமென்று ஒரு வாரம் எடுத்தும் பார்த்தேன். எண்ணிக்கை ஏறியது, கூடவே தப்பு முகவரிகளும் ஏறின, யாரோ விளையாட்டுக்கு வேறொருவர் முகவரியைக் கொடுத்து அவர் என்னைத் திட்டி எழுதினார். இப்படிப்பட்டவர்கள் ஸ்பேம் என்று குறித்தால் ஒழுங்காகச் சேர்ந்தவர்களுக்குப் போகும் கடிதமும் அடிபடும். திரும்பப் போட்டுவிட்டேன்.

ஸ்பேமில் விழுந்ததற்கு என் தப்பும் ஒன்று உண்டு. என் சொந்த ஜிமெயில் முகவரியையே அனுப்புநராகக் கொடுத்திருந்தேன், ஆனால் கடிதம் கிளம்புவது வேறொரு சேவையின் சர்வரிலிருந்து. ஜிமெயில் பெயரில் வரும் மடல் ஜிமெயிலிலிருந்து வரவில்லை என்றால் வாங்குகிற பக்கம் சந்தேகப்படத்தான் செய்யும். சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி, சேவை கொடுத்த சரிபார்ப்பு வரிகளை அந்த டொமைனின் அமைப்புகள் இருக்கும் DNS பக்கத்தில் ஒட்டியதும் நிலைமை மாறியது. சரியாக ஒட்டியிருக்கிறோமா என்று பார்க்க, கடிதத்தை உங்கள் ஜிமெயிலுக்கே அனுப்பி, கணினியில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் Show original தட்டுங்கள். மடல் நிஜமாகவே உங்கள் பெயரில்தான் வருகிறதா என்று பார்க்கும் சோதனைகள் SPF, DKIM, DMARC, மூன்றுக்கும் நேரே PASS என்று இருக்க வேண்டும். எனக்கு முதல் தடவை DKIM தேறவில்லை, ஒட்டும்போது கடைசி எழுத்து விட்டுப்போயிருந்தது. மூன்றும் தேறினாலும் ஜிமெயிலில் விளம்பர மடல்கள் விழும் Promotions பகுதிக்குப் போவதை முழுசாகத் தடுக்க முடியாது, அதோடு நான் சமாதானமாகிவிட்டேன்.

இந்த 14 மாதத்தில் அதிகம் பேரைக் கொண்டுவந்தது பிள்ளையார் நோன்புப் பதிவு. கார்த்திகை தீபத்திலிருந்து 21 நாள் கழித்து நகரத்தார் வீடுகளில் 21 இழைத் திரியை இழைமா என்கிற இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். ஊரில் இருந்தால் பெரியவர்கள் எல்லாம் பார்த்துக்கொள்வார்கள், கோலாலம்பூரில் தனிக் குடித்தனம் இருக்கும் பெண் யாரைக் கேட்பாள்? நோன்புக்கு மூன்று வாரம் முன்னால், "என்னென்ன வாங்கி வைக்க வேண்டும், எதை முந்தின நாளே செய்துவைக்கலாம், இந்தச் சனிக்கிழமைக் கடிதத்தில்" என்று போட்டேன். ஒரே வாரத்தில் 140 பேர். தை பிறந்ததும் அதில் முப்பது பேர் போலக் கிளம்பிப் போனார்கள், அவர்கள் வந்த வேலை முடிந்தது, அவ்வளவுதான்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்று சேவை காட்டும் சதவீதத்தை நான் நம்புவதில்லை. 2021இலிருந்து ஆப்பிளின் மெயில் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பைப் போட்டு வைத்தவர்களுக்கு, படிக்காவிட்டாலும் படங்கள் தானாகவே இறங்கிவிடும், அதுவும் திறந்ததாகக் கணக்கில் ஏறும். வரும் பதில்களை மட்டும் எண்ணுகிறேன். வாரம் ஐந்தாறு வந்தால் எனக்குப் போதும்.

இன்னும் தீராத ஒன்று, பதிவின் கீழே போன் நம்பரைப் போட்டு "சேர்த்து விடுங்க" என்பவர்கள். நம்பரை வைத்து மின்னஞ்சல் அனுப்ப முடியாது, தெரிந்தவர் முகவரி என்றாலும் அவர் சொல்லாமல் நானாகச் சேர்ப்பதில்லை. அவர்களுக்காகப் பதிவின் கடைசியில் இன்னொரு வழி வைத்தேன்: இணைப்பு வேண்டாமென்றால் என் முகவரிக்கு "சேர" என்று ஒரு சொல் அனுப்புங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். வயதானவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறார்கள். ஆச்சியும் பேரனைப் பிடித்து அப்படி அனுப்பித்தான் சேர்ந்தார். இப்போது சனிக்கிழமை பத்து மணிக்குள் அவரிடமிருந்து பதில் வந்துவிடும், போன வாரம் வந்தது: "பணியாரத்துக்கு நீ போட்டிருக்கிற உளுந்து அளவு கூடுதல். அடுத்த கடிதாசியில் திருத்திப் போடு."